ஒரு பேக்கரி முதல்முறையாக ஒரு வாரப் பதிவுகளை முன்கூட்டியே அமைத்தபோது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த பேக்கரி. இப்போது நடத்துபவரின் அப்பா ஆரம்பித்த கடை. பின்கட்டில் செங்கல் வைத்துக் கட்டிய விறகு அடுப்பு இன்னும் ஓடுகிறது. மாவு பிசைவதற்கும் கிரீம் அடிப்பதற்கும் மட்டும் மெஷின், அவை கரண்டில் ஓடுபவை. ஒரு மாஸ்டர், அவருக்குக் கைவேலைக்கு இரண்டு பையன்கள், கவுண்டரில் பல வருடமாக இருக்கும் ஒரு அக்கா, அப்புறம் உரிமையாளர். இவ்வளவுதான் ஆட்கள்.

அந்தப் பகுதியில் சிறு கடைகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. உரிமையாளர் என்னை அழைத்தபோது அவருடைய கேள்வி ஒன்றுதான்: "தம்பி, ஒரு வாரத்துக்கு உண்டானதை ஒரேயடியா போட்டு வெச்சுரலாம்னு சொல்றாங்களே, அது நம்ம கடைக்கு ஆகுங்களா?"

அதுவரை அவர் பதிவு போட்டு வந்த விதம் இப்படி. விடியும் முன் கடைக்கு வந்துவிடுவார். நாள் முழுக்க கல்லாவிலோ பின்கட்டிலோ நிற்பார். இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டபிறகுதான் போன் கையில் இருக்கும். பகலில் எடுத்த பஃப்ஸ் படத்தை அப்போது போடுவார். அந்த பஃப்ஸ் சாயங்காலமே தீர்ந்திருக்கும். "இப்ப இருக்குங்களா?" என்று கீழே யாராவது கேட்டிருப்பார்கள். மறுநாள் மதியம்தான் அதை அவர் பார்ப்பார். சில வாரம் நாலு பதிவு வரும், சில வாரம் ஒன்றுமே வராது.

கடையில் பார்த்தது

பதிவுகளுக்குக் கால அட்டவணை போடும் முன் கடையில் உட்கார்ந்து, என்ன சரக்கு எப்போது வெளியே வருகிறது என்று பார்த்தேன். விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரியில் இதை அடுப்புதான் முடிவு செய்கிறது. உள்ளே விறகை எரித்து, கங்கை ஒதுக்கி எடுத்துவிட்டு, கல்லில் தங்கிய சூட்டில்தான் சரக்கு வேகும். சூடு அதிகமாக இருக்கும் விடியற்காலையில் பிரெட்டும் பன்னும். காலை வெயில் ஏறியபின் மறுபடி கொஞ்சம் விறகு போட்டு, பத்து மணி வாக்கில் முதல் பஃப்ஸ் தட்டு. சூடு இறங்க இறங்க கேக், அதற்குப்பின் பிஸ்கட். மூன்று மணிக்கு மேல் இரண்டாவது பஃப்ஸ். கடைசியில் மீதமிருக்கும் சூட்டில் ரஸ்க்கை வைத்துவிட்டால் இரவெல்லாம் அது மெதுவாகக் காயும்.

பின்கட்டுச் சுவரில் மாஸ்டர் ஒரு நோட்டுத் தாளை ஒட்டியிருந்தார். நாளை எத்தனை தட்டு பன், எத்தனை பஃப்ஸ், எந்த கேக் என்று பென்சிலில் எழுதிய பட்டியல். உரிமையாளரும் அவரும் இரவு கடை சாத்தும்போது பேசி எழுதுவது. பதிவுகளுக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருந்தது. ஆனால் பதிவு போடும்போது யாரும் அதைப் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. கடையின் நிரந்தர வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் உரிமையாளரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத்தான் பார்க்கிறார்கள். கல்லாவுக்கு வருபவர்களிடம் அக்கா கேட்டுப் பார்த்ததில் இது தெரிந்தது. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் வசதி இல்லை. ஆகவே நாங்கள் செய்யப்போவது ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மட்டும்தான், ஸ்டேட்டஸைக் கையால்தான் போட்டாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், எல்லாம் தானாகப் போகிறது என்று நினைத்து ஸ்டேட்டஸையும் நிறுத்தியிருப்பார்.

வாரத்தை அமைத்த மாலை

பக்கங்களின் கணக்குகளைச் சரிசெய்வதிலேயே பாதி மாலை போய்விட்டது. ஃபேஸ்புக் பக்கத்தை உரிமையாளரின் அக்கா மகன் சில வருடங்களுக்கு முன் தன் கணக்கிலிருந்து உருவாக்கியிருந்தார். உரிமையாளருக்கு அதில் முழு அனுமதி இல்லை. பையனை போனில் பிடித்து அனுமதி வாங்கி, இன்ஸ்டாகிராமை தொழில்முறைக் கணக்காக மாற்றி, இரண்டையும் இணைத்தோம். சிறு கடைகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி வைப்பது நல்லது.

பிறகு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை ஒரே இடத்தில் நேரம் குறித்து வைக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவியில் Planner பக்கத்தைத் திறந்தோம். ஒரு வாரம் முழுவதும் கட்டங்களாகத் தெரியும். எந்த நாள், எந்த மணி, எந்தப் படம் என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். அவர் முதலில் சொன்ன வரிசை இது: திங்கள் ரஸ்க், செவ்வாய் தேங்காய் பன், புதன் பைனாப்பிள் பேஸ்ட்ரி, வியாழன் தில்பசந்த், வெள்ளி எக் பஃப்ஸ், சனி முட்டையில்லாத பிறந்தநாள் கேக், ஞாயிறு வெண்ணெய் பிஸ்கட்.

வெள்ளி என்றதும் கவுண்டர் அக்கா தடுத்தார். "ஏனுங்கண்ணா, வெள்ளிக்கிழமை எக் பஃப்ஸ் யாருங்க வாங்குவாங்க? அதுலயும் இது புரட்டாசி." அது உண்மை. புரட்டாசி முழுக்க அந்த ஊரில் பல வீடுகளில் அசைவம் கிடையாது, முட்டையையும் சேர்த்து. வெள்ளியும் சனியும் இன்னும் கறார். அந்த இரண்டு நாளும் மாஸ்டர் எக் பஃப்ஸை ஒரு தட்டுக்கு மேல் போடுவதே இல்லை. வெள்ளிக்கு வெஜ் பஃப்ஸ் என்று மாற்றினோம். சனிக்கிழமை முட்டையில்லாத கேக்கை வைத்தது சரியாகவே பொருந்தியது.

நேரம் குறிப்பதில் எடுத்த முடிவு: சரக்கு வெளியே வருவதற்கு முன்னால் பதிவு போய்விட வேண்டும். பஃப்ஸ் மூன்றரைக்கு வருகிறது என்றால் பதிவு மூன்று மணிக்கு. வேலை முடிந்து கிளம்புபவர் அதைப் பார்த்துவிட்டு வழியில் இறங்கலாம்.

படங்களை அன்று மதியமே எடுத்து வைத்திருந்தோம். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் பன்னின் நிறம் வெளிறித் தெரியும் என்பதால், தட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் வைத்து எடுத்தோம். படத்தின் மேலேயே விலையை எழுத உரிமையாளர் விரும்பினார். அதை வேண்டாம் என்றேன். இன்ஸ்டாகிராமில் பதிவு வெளியானபின் அதனுடன் எழுதியதைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. வாரத்தின் நடுவில் விலை ஏறினால் பழைய விலை படத்திலேயே நின்றுவிடும். அதனால் விலையைக் கீழே எழுத்தில் கொடுத்தோம்.

கடைசியில் வாரப் பார்வையை ஒருமுறை சரிபார்த்தபோது வெள்ளிக்கிழமைப் பதிவு கட்டத்தின் மேல்பகுதியில், விடியற்காலை மூன்று மணியில் உட்கார்ந்திருந்தது. PM என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் AM இருந்தது. ஒவ்வொன்றாகப் போடும்போது இது கண்ணில் படாது. ஏழு பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒன்று மட்டும் வரிசையிலிருந்து விலகி நிற்பது தெரியும்.

திங்களும் செவ்வாயும்

இரண்டு நாளும் பதிவுகள் குறித்த நேரத்தில் போயின. உரிமையாளருக்கு நம்பிக்கை வந்தது. இரவில் போனை எடுத்து என்ன போடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதே நிம்மதியில் பக்கத்தைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார். புதன்கிழமை நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதன்கிழமை

அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை புதன்கிழமை என்று முந்தின நாள் செய்தித்தாளில் வந்திருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. மாஸ்டருக்கு அது தெரியும். அவர் மதியத்துக்கான மாவையெல்லாம் ஒன்பதுக்கு முன்பே பிசைந்து வைத்துவிட்டார். விறகு அடுப்பு என்பதால் பஃப்ஸ், பன் எதுவும் நிற்கவில்லை. தாளில் இருந்த பைனாப்பிள் பேஸ்ட்ரியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டார். கிரீம் அடிக்க மெஷின் வேண்டும். அடித்த கிரீமைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் சீக்கிரமே தளர்ந்து வழியும். இன்வெர்ட்டரில் விளக்கும் பில் போடும் மெஷினும்தான் ஓடும், குளிர்ப் பெட்டி ஓடாது.

பதினோரு மணிக்குப் பதிவு போனது: இன்று பைனாப்பிள் பேஸ்ட்ரி தயார், அளவாகவே இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள்.

முதலில் பக்கத்து வங்கியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். பேஸ்ட்ரி இல்லை என்று அக்கா சொன்னார். அவர் போனைக் காட்டினார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள், இரண்டு போன் வந்தது. ஒரு பெண் வெயிலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வண்டியில் வந்திருந்தார். "இல்லைன்னா எதுக்குங்க போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடையில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் தயார் என்று சொல்லி வரவழைத்துவிட்டு, செய்யவே இல்லை என்பது வேறு. இதை உரிமையாளரும் உடனே உணர்ந்தார்.

அவர் என்னை அழைத்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. "அழிச்சுரலாங்களா தம்பி?" என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பார்த்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அழித்தால், சாயங்காலம் வரலாம் என்று மனதில் குறித்துக்கொண்டவருக்கு விஷயம் தெரியவே தெரியாது. பதிவின் முதல் வரியைத் திருத்தி, "மின்தடையால் இன்று பேஸ்ட்ரி இல்லை, நாளை காலை 11 மணிக்குக் கிடைக்கும்" என்று எழுதினோம். கேள்வி கேட்டிருந்த ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் கொடுத்தோம். அதையே ஸ்டேட்டஸிலும் போட்டார். பேஸ்ட்ரி வியாழனுக்குத் தள்ளிப்போனதால், வியாழன் பத்தரைக்கு வைத்திருந்த தில்பசந்த் பதிவை அப்படியே விட்டு, மாஸ்டரிடம் இரண்டுக்கும் நேரம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டோம். இருக்கிறது என்றார். அந்த வாரத்தில் பதிவைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மின்தடை திடீரென்று வந்ததல்ல. கடையில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு முந்தின நாளே தெரியும். பேஸ்ட்ரி தாளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் Planner-ல் இருந்த அதே பேஸ்ட்ரியை யாரும் நீக்கவில்லை, ஏனென்றால் அது வேறு ஒரு இடத்தில், ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோன ஒரு வேலையாக எல்லோர் மனதிலும் இருந்தது.

வியாழனும் வெள்ளியும்

வியாழனன்று தில்பசந்த் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. சாதாரணமாகச் சாயங்காலம் வரை இருக்கும். உரிமையாளர் இதைப் பதிவின் வெற்றியாகப் பார்த்தார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அந்த வாரம் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு. பிள்ளைகள் மதியமே வெளியே வந்துவிடுகிறார்கள், நாலரை மணிக் கூட்டம் ஒரு மணிக்கே வருகிறது. இரண்டில் எது காரணம் என்று ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளி வெஜ் பஃப்ஸ் வழக்கம்போல் போனது.

சனிக்கிழமை இரவு

முட்டையில்லாத கேக் பதிவை இரவு ஏழு மணிக்கு வைத்திருந்தோம். அந்த நேரத்தில் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் அதிகம் இருக்கிறார்கள் என்று Planner காட்டியது. ஆட்கள் இருந்தது உண்மைதான். எட்டு மணியிலிருந்து செய்திகள் வந்தன. எத்தனை கிலோ, என்ன விலை, நாளைக்கே கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஆனால் விடியும் முன் எழுபவர் ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவார். காலையில் கடையில் கூட்டம் ஓய்ந்து ஏழரைக்குத்தான் போனைப் பார்த்தார். ஞாயிறு மதியத்துக்குக் கேட்ட ஒரு குடும்பம் அதற்குள் வேறு கடையில் சொல்லிவிட்டது. இன்னொருவர் திங்கள் மாலைக்குக் கேட்டிருந்தார், அதை மட்டும் எடுக்க முடிந்தது.

மாஸ்டர் சொன்ன காரணத்தையும் இங்கே பதிய வேண்டும். முட்டையில்லாத கேக்குக்கு அவர் தயிரும் சோடா உப்பும் சேர்க்கிறார். கலந்த உடனே அது பொங்க ஆரம்பித்துவிடும், உடனே அடுப்பில் வைத்தாக வேண்டும். மாவைக் கலந்து வைத்துவிட்டு, ஆர்டர் வந்தபின் வேகவைக்கலாம் என்பது நடக்காது. வெந்தபிறகும் முழுக்க ஆறினால்தான் மேலே கிரீம் நிற்கும், சூட்டோடு தடவினால் உருகி இறங்கும். அதோடு விறகு அடுப்பில் கேக்குக்கு ஏற்ற சூடு நாள் முழுக்க இருக்காது. அதனால் முந்தின நாள் மாலைக்குள் சொன்னால்தான் மறுநாள் கேக் கொடுக்க முடியும். இந்த ஒரு வரி பதிவில் இல்லை. இருந்திருந்தால் கேட்டவர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்காது.

இதற்குச் சாதாரண பஃப்ஸ் பதிவிலிருந்து ஒரு வித்தியாசம் இருக்கிறது. பஃப்ஸ் பதிவைப் பார்ப்பவர் நேராகக் கடைக்கு வருவார், பதில் தேவையில்லை. கேக் பதிவோ ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கிறது. பேச ஆள் இருக்கும் நேரத்தில்தான் அதைப் போட வேண்டும். பின்தொடர்பவர்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்பதைக் கருவி காட்டும், கடைக்காரர் எப்போது விழித்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

வாரம் முடிந்தபின் எடுத்த முடிவுகள்

திங்கள் காலை மாஸ்டர், அக்கா, உரிமையாளர், நான் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். இதை விட்டுவிடலாமா என்ற கேள்வி வந்தது. விட வேண்டாம் என்று அக்காதான் சொன்னார். பதிவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்ன புதிய முகங்கள் அந்த வாரம் இருந்தன என்பது அவர் கவனித்தது. சரி, எதை மாற்றுவது என்று பார்த்தோம்.

முக்கியமான மாற்றம், எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி ஒரு வாரம் முன்னால் குறித்து வைப்பதை நிறுத்தியது. ரஸ்க்கும் வெண்ணெய் பிஸ்கட்டும் டப்பாவில் பல நாள் இருக்கும். ஒரு நாள் கரண்ட் போனாலும், மாஸ்டர் லீவு போட்டாலும் அவை ஷோகேஸில் இருக்கும். அவற்றின் பதிவுகளை ஒரு வாரம் முன்பே வைக்கலாம், ஆபத்தில்லை. பன், தில்பசந்த் இரண்டும் தினமும் போடுபவை, பெரும்பாலும் தவறாது, அவற்றையும் முன்கூட்டி வைக்கலாம். பஃப்ஸும் கிரீம் வைத்தவையும் அன்றன்று செய்து அன்றன்றே முடிபவை. அவற்றுக்குப் படத்தையும் எழுத்தையும் ஞாயிற்றுக்கிழமையே தயார் செய்து வரைவாக மட்டும் சேமிக்கிறோம். முந்தின நாள் இரவு மாஸ்டரின் தாள் எழுதி முடிந்தபிறகுதான் நேரம் குறிக்கிறோம்.

அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தது இரண்டாவது மாற்றம். கடை சாத்தும்போது தாளையும் Planner-ல் மறுநாள் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தாளில் இல்லாதது Planner-ல் இருந்தால் அதை Reschedule செய்கிறார், இல்லையென்றால் வரைவுக்கு மாற்றுகிறார். மின்தடை அறிவிப்பு, அமாவாசை, ஊரில் துக்கம், பலத்த மழை எல்லாமே தாளில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அவற்றைப் பார்த்துத்தான் மாஸ்டர் தட்டுகளைக் குறைப்பார். உரிமையாளர் இதைத் தானே செய்வதாகச் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அவர் கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார். எக் பஃப்ஸைத் தடுத்ததும் அக்காதான் என்பதால் அவரிடமே இருக்கட்டும் என்று முடிவானது.

கேக் ஆர்டர் கேட்கும் பதிவுகளை மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினோம். மாலை ஆறு வரை பதில் சொல்ல ஆள் உண்டு. மறுநாள் கேக் வேண்டுமென்றால் இன்று மாலை ஆறுக்குள் சொல்ல வேண்டும் என்பது பதிவின் முதல் வரியிலேயே இருக்கிறது. கடையின் எண்ணை வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றி, வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலிலும் அதே வரியை வைத்தோம். காலை ஏழரைக்கு மேல் பதில் கிடைக்கும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது.

ஸ்டேட்டஸுக்கு வழி ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அந்த வாரப் படங்களைப் போனில் ஒரு தனி ஆல்பமாக வைத்துவிட்டோம். பஃப்ஸ் தட்டு வெளியே வந்ததும் பின்கட்டிலிருக்கும் பையன் குரல் கொடுக்கிறான், உரிமையாளர் ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துப் போடுகிறார். சரக்கு உண்மையில் வெளியே வந்தபின் போடப்படுவதால் அதில் ஒரு தடவைகூடத் தவறு நேரவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஏழு பதிவுக்குப் பதிலாக ஐந்துதான் வைத்தோம். செவ்வாயும் வியாழனும் காலி. செவ்வாயன்று மாஸ்டர் நினைத்ததைவிடத் தேங்காய் அதிகமாக வந்து, ஒரு தட்டு கூடுதலாகத் தில்பசந்த் போட்டார். அக்கா அதைப் படம் எடுத்து அப்போதே போட்டார். வியாழன் எதுவும் போடாமலே போனது. விற்பனை கூடியதா என்று தீபாவளி ஆர்டர்கள் முடிந்தபின், தேர்வும் விடுமுறையும் இல்லாத ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். அதற்காகப் பதிவைப் பார்த்து வந்தேன் என்று சொல்பவர்களை அக்கா கல்லாவுக்கு அருகில் ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறித்து வருகிறார்.